ஐந்து வரியில் ஒரு வேலை: நர்ஸ், லேப் டெக்னீஷியன் அறிவிப்பைப் படிக்கும் முறை

பத்துப் பதினைந்து படுக்கைகளும் ஒரு சிறு லேப்பும் உள்ள கிளினிக்குக்கு ஆள் தேவைப்பட்டால், பெரும்பாலும் அதன் மேலாளரின் கைபேசியிலிருந்து ஐந்தாறு வரியில் ஒரு செய்தி கிளம்புகிறது. நர்சிங் கல்லூரிப் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், ஏற்கெனவே அங்கு வேலை செய்யும் நர்ஸ்களின் தோழிகள் என்று அது கைமாறிப் போகிறது. தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர்களில் சுற்றும் இத்தகைய செய்திகள் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும். மாதிரிக்கு எழுதிப் பார்த்தால் இப்படி வரும்:

“ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீஷியன் உடனடித் தேவை. தகுதி: ஜிஎன்எம் / பி.எஸ்சி. நர்சிங் / டிஎம்எல்டி. அனுபவம் 1 வருடம், புதியவர்களும் வரலாம். டூட்டி: ஷிஃப்ட் முறை. சம்பளம் ரூ.18,000 வரை. பிஎஃப், இஎஸ்ஐ உண்டு. உணவு, தங்குமிடம் இலவசம். ஒரிஜினல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்.”

வேலை தேடும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் அவளுடைய பெற்றோரும் முதலில் பார்ப்பது சம்பளத்தை. ஆனால் அந்தத் தொகை உண்மையில் எவ்வளவு என்பதைச் சொல்வது ‘ஷிஃப்ட் முறை’ என்ற இரண்டு சொற்கள்தான். செய்தியிலேயே மிகக் குறைவாக எழுதப்படுவதும் அதுதான்.

தகுதி வரியை முதலில் பார்க்கலாம். ஏஎன்எம் 2 ஆண்டுப் படிப்பு, ஜிஎன்எம் 3 ஆண்டு டிப்ளமோ, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுப் பட்டம். இவற்றை முடித்தவர் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பெயரைப் பதிந்து எண் பெற்ற பிறகே பதிவுபெற்ற செவிலியர் ஆகிறார். அந்தக் கவுன்சில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்தது. வேறு மாநிலத்தில் பதிந்தவர் இங்கே வேலை பார்க்க இங்குள்ள கவுன்சிலிலும் பதிய வேண்டும். ஆகவே ‘ஜிஎன்எம், கவுன்சில் பதிவு அவசியம்’ என்று எழுதும் கிளினிக், தான் யாரை வேலைக்கு எடுக்கிறது என்பதைத் தெரிந்து எழுதுகிறது. ‘எந்த நர்சிங் படிப்பும் போதும்’ என்று எழுதும் இடத்தில், கவுன்சில் ஏற்காத ஆறு மாத, ஓராண்டுப் படிப்பு முடித்தவர்களும் அதே வெள்ளைச் சீருடையில் நிற்கக்கூடும். பதிவுபெற்ற செவிலியருக்கு அது நல்ல செய்தி அல்ல. இரவில் மருத்துவர் வீட்டில் இருக்கும்போது வார்டின் மொத்தப் பொறுப்பும் பதிவு எண் உள்ள ஒருவர் தலையில் விழும். ஊசி போட்டது யார் என்ற கேள்வி எழுந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

லேப் டெக்னீஷியனுக்கு 2 ஆண்டு டிஎம்எல்டி அல்லது பி.எஸ்சி. எம்எல்டி பட்டம் கேட்கப்படும். இவர்களையும் ஒரு பதிவேட்டின்கீழ் கொண்டுவர 2021-இல் மத்திய அரசு துணை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. செய்தியில் கவனிக்க வேண்டிய சொற்றொடர் ஒன்று உண்டு: ‘லேப்பைத் தனியாகக் கவனிக்கத் தெரிந்தவர்’. ரத்தம் எடுப்பது, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி சீரம் பிரிப்பது, செல் கவுன்டரையும் பயோகெமிஸ்ட்ரி அனலைசரையும் ஓட்டுவது, தினமும் கன்ட்ரோல் மாதிரி வைத்துக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது ஆகியவற்றை ஒருவரே செய்வது என்பது ஒரு பொருள். சிறிய இடங்களில் அது வழக்கம்தான். அறிக்கையில் கையெழுத்துப் போடுவதும் அவரே என்பது இன்னொரு பொருள். ஆய்வக அறிக்கையில் நோய்க்குறியியலில் முதுகலைத் தகுதி பெற்ற, பதிவுபெற்ற மருத்துவர் கையெழுத்திட வேண்டும் என்று குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் கூறியது. எனவே ‘தனியாக’ என்று எழுதியிருந்தால், அறிக்கையில் கையெழுத்திடும் மருத்துவர் யார், அவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று நேர்காணலில் கேட்டுவிட வேண்டும். ஏற்கெனவே மருத்துவரின் கையெழுத்துப் பதித்த வெற்றுத் தாள்கள் மேசையில் அடுக்கியிருந்தால், கேட்கவே தேவையில்லை.

‘அனுபவம் 1 வருடம்; புதியவர்களும் வரலாம்’ என்பது ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றும். அனுபவசாலி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் புதியவரைக் குறைந்த சம்பளத்தில் எடுப்போம் என்பதே அதன் உள்ளர்த்தம். புதியவருக்கு இதில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: முதல் மாதம் மூத்த செவிலியருடன் சேர்த்து டூட்டி போடுவார்களா, அல்லது மூன்றாம் நாளே தனியாக நைட் டூட்டியா? இரண்டாவது என்றால் அந்த இடத்தில் ஆள் பற்றாக்குறை கடுமையாக இருக்கிறது என்று பொருள்.

இனி ஷிஃப்ட் வரி. ஒரு வார்டில் எந்நேரமும் ஒரு செவிலியர் இருந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 168 மணி நேரம். தமிழ்நாட்டில் பரவலாக உள்ள மூன்று ஷிஃப்ட் முறையில் காலை 8 முதல் 2 வரை, பிற்பகல் 2 முதல் இரவு 8 வரை, இரவு 8 முதல் மறுநாள் காலை 8 வரை என்று நாள் பிரியும். அதாவது காலை, மாலை டூட்டிகள் 6 மணி நேரம். நைட் 12 மணி நேரம். ஒருவர் ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் நைட் என்று ஆறு ஆறு நாள் பார்த்தால் 36, 36, 72 என மூன்று வாரத்தில் 144 மணி நேரம் ஆகும். சராசரி வாரத்துக்கு 48. இந்தியத் தொழிலாளர் சட்டங்களில் பரவலாக உள்ள வரம்பும் அதுவே. கணக்கு சரியாக வந்தாலும் நைட் வாரத்தின் 72 மணி நேரம் உடம்பில் தெரியும். அதனால்தான் நல்ல இடங்களில் ஆறு நைட்டைத் தொடர்ந்து போடாமல், மூன்று நான்கு நைட்டுக்குப் பிறகு நைட் ஆஃப் கொடுத்து அனுப்புகிறார்கள்.

இந்த முறையில் ஒரு இருக்கைக்கு வாரத்தில் 21 ஷிஃப்ட். ஒருவர் வாரத்துக்கு 6 ஷிஃப்ட்தான் பார்க்க முடியும் என்றால் மூன்றரைப் பேர் தேவை. வார்டில் ஒருவர், ஓபியிலும் ஊசி அறையிலும் ஒருவர் என்று இரண்டு இருக்கை இருந்தால் 7 பேர். யாருக்காவது காய்ச்சல் வந்தாலும், யாராவது திருமணத்துக்கு விடுப்பு எடுத்தாலும் சமாளிக்க இன்னும் ஒருவர் வேண்டும். இதையே 8 முதல் 8 வரை இரண்டு ஷிஃப்டாகப் பிரித்தால் ஒரு இருக்கைக்கு வாரத்தில் 14 ஷிஃப்ட் மட்டுமே; இரண்டு இருக்கைக்கு 5 பேர் போதும். கிளினிக்குக்கு மாதம் இரண்டு சம்பளம் மிச்சம். பல சிறிய இடங்கள் 12 மணி நேர டூட்டிக்குப் போவதன் காரணம் இவ்வளவுதான். ஆனால் ‘12 மணி நேரம்’ என்று எழுதினால் ஆள் வராது என்பதால், செய்தியில் ‘ஷிஃப்ட் முறை’ என்று மட்டும் நின்றுவிடுகிறது.

சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் வித்தியாசம் துலங்கும். ஒரு ஜிஎன்எம் செவிலியருக்கு இரண்டு அழைப்புகள் வந்திருக்கின்றன என்று கொள்வோம். முதல் இடம் மாதம் 15,000 ரூபாய், சராசரி 8 மணி நேர டூட்டி, வாரம் ஒரு நாள் ஆஃப், தங்குமிடம் இல்லை. இரண்டாவது இடம் 18,000 ரூபாய், 12 மணி நேர டூட்டி, வாரம் ஒரு ஆஃப், உணவும் தங்குமிடமும் இலவசம். 26 நாள் வேலை என்றால் முதலாவது இடத்தில் 208 மணி நேரம். மணிக்குச் சுமார் 72 ரூபாய். இரண்டாவது இடத்தில் 312 மணி நேரம். மணிக்குச் சுமார் 58 ரூபாய். 3,000 ரூபாய் அதிகம் கொடுக்கும் இடம் மணிக்கு 14 ரூபாய் குறைவாகக் கொடுக்கிறது.

உணவையும் தங்குமிடத்தையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு சற்று மாறும். வெளியே விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 5,000 ரூபாய் ஆகும் என்று வைத்தால், இரண்டாவது இடத்தின் மதிப்பு 23,000. மணிக்குச் சுமார் 74 ரூபாய். வெளியூரிலிருந்து வரும் பெண்ணுக்கு இரண்டு இடமும் மணிக் கூலியில் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. ஊரிலேயே வீடு உள்ளவருக்கு அந்த 5,000 ரூபாய்க்குப் பொருளில்லை. அவருக்கு 58 ரூபாய்தான். அதோடு, கிளினிக்கின் மாடியிலேயே தங்கும் செவிலியரின் டூட்டி நேரம் எழுதியதோடு நிற்பதில்லை. இரவு பதினோரு மணிக்குப் பிரசவக் கேஸ் வந்தால் மாடிக்கு ஆள் போகும். அடுத்த ஷிஃப்டுக்கு வர வேண்டிய ரிலீவர் வராவிட்டால், மேலே இருப்பவரே டபுள் டூட்டி பார்க்க வேண்டியிருக்கும். டெக்னீஷியனுக்கு இது இன்னும் கடுமை. பகல் முழுவதும் லேப்பில் இருந்தவரை இரவிலும் அவசரப் பரிசோதனைக்கு எழுப்பினால், அது பகல் டூட்டி என்ற பெயரில் இருபத்து நான்கு மணி நேர வேலை. தங்குமிடம் இலவசம் என்ற வரியும் டூட்டி நேரம் சொல்லாத வரியும் ஒரே செய்தியில் சேர்ந்து வந்தால், இந்தக் கேள்வியை நேரடியாகவே கேட்க வேண்டும்: ஆஃப் நேரத்தில் கூப்பிட்டால் அதற்குத் தனிப் பணம் உண்டா, மாற்று ஆஃப் உண்டா?

வாரம் ஒரு ஆஃப் என்பதும் தானாக வந்துவிடும் என்று எண்ணக்கூடாது. ‘மாதம் 2 ஆஃப்’ என்று பேச்சுவாக்கில் சொல்லும் இடங்கள் உண்டு. 12 மணி நேரத்தில் 28 நாள் என்றால் 336 மணி நேரம். அதே 18,000 ரூபாய் மணிக்கு 54-க்கும் கீழே இறங்கிவிடும். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் விவரத்தை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் நேரம் தினமும் கால் மணியோ அரை மணியோ பிடிக்கும். அது டூட்டிக்குள் சேருமா, வெளியே நிற்குமா என்பதையும் அங்கு வேலை பார்ப்பவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

‘ரூ.18,000 வரை’ என்பதில் ‘வரை’ என்ற சொல் புதியவருக்கு ஒன்றும் உறுதியளிப்பதில்லை. தனியார் மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும் தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்கப்படும் தொழில்களில் சேர்ந்தவை; அதற்குக் கீழே கொடுக்க முடியாது. தனியார் செவிலியர்களின் ஊதியம் பற்றி 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மத்திய அரசு ஒரு நிபுணர் குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் அரசுச் செவிலியருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது. நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில் விடப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குழு நியாயம் என்று கண்ட தொகையை இன்றும் பல சிறிய கிளினிக்குகள் எட்டவில்லை என்பது வருத்தத்துக்குரியது. நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர் அந்த 20,000-ஐ ஓர் அளவுகோலாக மனதில் வைத்திருப்பது தவறாகாது.

பிஎஃப், இஎஸ்ஐ என்ற இரண்டு எழுத்துக் கூட்டங்களுக்குப் பின்னால் தெளிவான விதிகள் உள்ளன. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்துக்குப் பிஎஃப் கட்டாயம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பணியாளர் 12 சதவீதமும் நிறுவனம் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். இஎஸ்ஐக்கு 10 பேர் போதும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். பணியாளர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம்.

16,000 ரூபாய் சம்பளத்தில் அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000, மற்ற படிகள் 4,000 என்று எடுத்துக்கொண்டால், பிஎஃப் பிடித்தம் 1,440; இஎஸ்ஐ பிடித்தம் 120. கைக்கு வருவது 14,440. நிறுவனம் தன் பையிலிருந்து பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 520 என 1,960 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். சில இடங்களில் அந்த 1,960-ஐயும் செவிலியரின் 16,000-இலிருந்தே கழித்துக்கொண்டு 12,480 கொடுக்கிறார்கள். நிறுவனத்தின் பங்கைப் பணியாளரின் ஊதியத்திலிருந்து பிடிப்பது சட்டப்படி கூடாது. சம்பளச் சீட்டில் பிஎஃப் 1,440-க்குப் பதில் 2,880 என்று இருந்தால் அதுதான் அடையாளம். சீட்டே தராத இடத்தில் கைக்கு வந்த தொகையை வைத்து மேலே உள்ள கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்.

பிடிக்கப்பட்ட பணம் கட்டப்படாமல் போவது இதைவிட மோசமானது. சேர்ந்த முதல் மாதச் சம்பளம் வந்ததும் பிஎஃப்புக்கான பொதுக் கணக்கு எண்ணையும் இஎஸ்ஐ காப்பீட்டு எண்ணையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். பிஎஃப் பாஸ்புக்கைக் கைபேசியிலேயே பார்க்கலாம். இரண்டு மாதம் கழிந்தும் அதில் வரவு இல்லை என்றால் செய்தியில் இருந்த ‘பிஎஃப் உண்டு’ வெறும் எழுத்துதான். மொத்தமே 12 பேர் வேலை செய்யும் கிளினிக் பிஎஃப் தருவதாக எழுதியிருந்தால், கட்டாயமில்லாத ஒன்றை விரும்பிச் செய்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. விரும்பிச் சேர சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படிச் செய்யும் இடத்துக்கு பிஎஃப் அலுவலகத்தின் நிறுவனக் குறியீட்டு எண் இருக்கும். இஎஸ்ஐயின் மருத்துவ வசதி வேலையில் சேர்ந்த நாள் முதலே கிடைக்கும். சம்பளம் குறைந்த குடும்பத்துக்கு இது சில ஆயிரம் ரூபாய் உயர்வைவிடப் பெரிய துணை.

செய்தியில் ஒருபோதும் இடம்பெறாத, ஆனால் செவிலியரும் டெக்னீஷியனும் முதல் நாளே கேட்க வேண்டிய சலுகை ஒன்று உண்டு: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. ஊசி முனை விரலில் குத்துவது இந்த இரு வேலையிலும் நடக்கக்கூடிய விபத்து. ரத்தத்தின் வழியே தொற்றும் கிருமிகளில் ஹெபடைடிஸ் பி எளிதில் பரவுவது. 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் பணியாளர் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளை நிறுவனமே போட வேண்டும் என்கின்றன. சேரும் நாளில் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என மூன்று ஊசிகள். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்த்தால் பாதுகாப்பு வந்துவிட்டதா என்று தெரியும். ‘இங்கே குத்துக் காயம் ஏற்பட்டால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்?’ என்ற கேள்விக்கு நேர்காணல் எடுப்பவர் தயங்காமல் பதில் சொன்னால், அந்த இடத்தில் பணியாளரைப் பற்றி யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

கடைசி வரி ‘ஒரிஜினல் சான்றிதழ்களுடன் வரவும்’. சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டுவது முறை. நகல் கொடுப்பதும் முறை. ஒரிஜினலை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு ‘ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு வாங்கிக்கொள்’ என்பது பணியாளரைக் கட்டிப்போடும் வழி. மதிப்பெண் பட்டியலும் கவுன்சில் பதிவுச் சான்றிதழும் கையில் இல்லாதவர் அரசுத் தேர்வுக்கோ வளைகுடா வேலைக்கோ விண்ணப்பிக்க முடியாமல் நிற்பார். நேரில் போகும்போது கொடுத்தே ஆகவேண்டும் என்றால், பெயர், தேதி, திருப்பித் தரும் நாள், கையெழுத்து, முத்திரை உள்ள ரசீது இல்லாமல் கொடுக்கக்கூடாது. பாண்டுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால், எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு தொகை என்பதை வாசித்து, நகல் ஒன்று வாங்கிய பிறகே கையெழுத்திட வேண்டும். வேலை தருவதற்கு முன்பே பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் பணம் என்று கைபேசி வழியே அனுப்பச் சொல்லும் இடைத்தரகர் செய்திகளை அதோடு விட்டுவிடுவதே நல்லது.

சிறிய கிளினிக்கில் சேரும் பலருக்கு அந்தச் சம்பளத்தைவிட அங்கு கிடைக்கும் இரண்டு வருட அனுபவம் பெரிது; வெளிநாட்டு ஆள்சேர்ப்பில் பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறார்கள். அந்த அனுபவம் செல்லுபடியாக வேண்டுமென்றால் காகிதம் வேண்டும். சேரும் நாளிலேயே பதவிப் பெயர், சம்பளப் பிரிவுகள், டூட்டி நேரம், வார ஆஃப், நோட்டீஸ் காலம் குறிப்பிட்ட பணி நியமனக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைக்க வேண்டும். விலகும்போது பெறும் அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, வேலை பார்த்த பிரிவு, கிளினிக்கின் படுக்கை எண்ணிக்கை ஆகியவை இருக்க வேண்டும். லேப் டெக்னீஷியன் என்றால் எந்தெந்தக் கருவிகளில் வேலை பார்த்தார் என்பதும் இருந்தால் அடுத்த நேர்காணலில் பயன்படும். நோட்டீஸ் காலம் ஒரு மாதம் என்று கடிதத்தில் இருந்தால், விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து அதன் நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்த மாதத்தை முழுமையாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பாதியில் நின்றவருக்கு அனுபவச் சான்றிதழ் தர மறுப்பதற்கு நிர்வாகங்கள் முதலில் சொல்லும் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.